டைகுரோமேட் அரை வினையில் 8 எலக்ட்ரான் எப்படி வந்தது?

“கையால் எழுதிய பயிற்சித்தாளில் Cr2O7 + 14H⁺ + 8e⁻ → 2Cr³⁺ + 7H2O என்று போட்டேன். அணுக்களும் மின்சுமையும் சமமாகவே உள்ளன. விடையில் 6e⁻ என்று இருக்கிறது. தவறு எங்கே?”

வணக்கம். நீங்கள் சமன் செய்த விதத்தில் பிழை இல்லை. முதல் வரியில் அயனியின் 2− மின்சுமை விடுபட்டிருக்கிறது. அதனால் 2x − 14 = 0 என்றாகி, குரோமியத்தின் ஆக்சிஜனேற்ற எண் +7 எனக் கிடைத்து, ஓர் அணுவுக்கு 4 வீதம் 8 எலக்ட்ரான்கள் வந்துள்ளன. இடப்புறம் 14 − 8 = +6, வலப்புறமும் +6 என்பதால், இறுதியில் செய்யும் மின்சுமைச் சோதனை இப்பிழையைக் காட்டிக்கொடுக்காது; தொடக்கத்தில் செய்த தவறும் அதிலிருந்து பிறந்த எலக்ட்ரான் எண்ணிக்கையும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுகின்றன.

ஆகவே ஆக்சிஜனேற்ற எண்ணையே தனியாகச் சோதிக்க வேண்டும். குரோமியத்தின் இணைதிற எலக்ட்ரான் அமைப்பு 3d⁵ 4s¹. இழப்பதற்கு ஆறே எலக்ட்ரான்கள் இருக்கும்போது +7 என்ற எண்ணே ஐயத்தை எழுப்ப வேண்டும். K2Cr2O7 என்ற உப்பில் இரண்டு K⁺ இருப்பதும் அயனியின் மின்சுமை 2− என்பதை உறுதிசெய்கிறது. இனி 2x − 14 = −2, x = +6; ஓர் அணுவுக்கு 3, இரண்டு அணுக்களுக்கு 6 எலக்ட்ரான்கள்.

Cr2O7²⁻ + 14H⁺ + 6e⁻ → 2Cr³⁺ + 7H2O

மின்சுமை −2 + 14 − 6 = +6. இதை Fe²⁺ → Fe³⁺ + e⁻ என்பதுடன் சேர்க்கும்போது இரும்பின் அரை வினையை 6 ஆல் பெருக்குங்கள். பழைய சமன்பாட்டின்படி 8 எனக் கொண்டால், தரம்பார்த்தல் கணக்கில் இரும்பின் அளவு மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக வரும்.