ஸ்டம்பில் படும் பந்துக்கு ஏன் நாட் அவுட்?

கேள்வி: பந்து ஸ்டம்பில் படுவதாகத் திரையிலேயே காட்டுகிறார்கள், ஆனாலும் நாட் அவுட். அடுத்த ஓவரில் கிட்டத்தட்ட அதே மாதிரி பந்துக்கு அவுட். எல்பிடபிள்யூவில் பிட்சிங், இம்பாக்ட், விக்கெட்ஸ் என்று என்னதான் பார்க்கிறார்கள்?

கள அம்பயர் முதலில் விரலை உயர்த்தினாரா இல்லையா என்பதுதான் வித்தியாசம். பந்தில் பாதிக்கும் குறைவான பகுதி மட்டும் கோட்டுக்குள் வந்தால், அவர் சொன்னதே நிற்கும். இதைத்தான் அம்பயர்ஸ் கால் என்பார்கள். அது எந்தக் கோடு, ஏன் பாதிப் பந்து என்பது புரிந்துவிட்டால் திரையில் வரும் மூன்று வரிகளையும் நீங்களே படித்துவிடலாம்.

மூன்று ஸ்டம்புகளும் சேர்ந்து 22.86 செ.மீ. அகலம். இந்த முனை ஸ்டம்புகளிலிருந்து அந்த முனை ஸ்டம்புகள் வரை அதே அகலத்தில் ஒரு பாய் விரித்ததாக வைத்துக்கொள்ளுங்கள். திரையில் பிட்ச்சின் மேல் வண்ணத்தில் தெரியும் பட்டை அதுதான். ஆண்கள் ஆடும் பந்தின் விட்டம் ஏறத்தாழ 7.2 செ.மீ., அதில் பாதி 3.6. எல்லாக் கணக்கும் இந்த 3.6-ஐச் சுற்றித்தான்.

முதலில் பிட்சிங். பந்து பட்டைக்குள் குத்தினாலும், ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே குத்தினாலும் பிரச்சினை இல்லை. லெக் ஸ்டம்புக்கு வெளியே குத்தினால் கதை அங்கேயே முடிந்தது. அதன் பிறகு நடு ஸ்டம்பையே பெயர்த்துக்கொண்டு போகும் பந்தாக இருந்தாலும் நாட் அவுட்தான். இந்த வரியில் மட்டும் அம்பயர்ஸ் கால் கிடையாது. பந்தின் மையம் கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா, அவ்வளவுதான். இடதுகை ஆட்டக்காரருக்கு ஓவர் த விக்கெட்டில் வீசும் வலதுகை வேகப்பந்து வீச்சாளர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். அந்தக் கோணத்தில் பந்து லெக் பக்கத்திலிருந்து ஆஃப் பக்கம் போகும். பட்டைக்குள் குத்தினால் ஆஃப் ஸ்டம்பைத் தாண்டிப் போய்விடும். ஸ்டம்பில் படும் அளவுக்கு உள்ளே இருந்தால் பெரும்பாலும் லெக் ஸ்டம்புக்கு வெளியே குத்தியிருக்கும். அந்தக் கோணத்தில் எல்பிடபிள்யூ வேண்டுமானால் பட்டைக்குள் குத்தி, நேராகவோ உள்ளேயோ வர வேண்டும்.

அடுத்து இம்பாக்ட். ஒரு பந்தை அளவோடு பார்ப்போம். வலதுகை வீச்சாளர், வலதுகை ஆட்டக்காரர். பந்து ஆஃப் ஸ்டம்புக்கு 8 செ.மீ. வெளியே குத்தி உள்ளே வருகிறது. ஆட்டக்காரர் முன்காலை நீட்டித் தடுக்கப் பார்க்கிறார், மட்டையில் படாமல் பேடில் படுகிறது. படும் நொடியில் பந்தின் மையம் ஆஃப் ஸ்டம்பின் வெளி ஓரத்துக்கு 2 செ.மீ. வெளியே. அப்படியானால் பந்தில் 1.6 செ.மீ. மட்டும் பட்டைக்குள் இருக்கிறது. இதுதான் இம்பாக்டில் அம்பயர்ஸ் கால். கணிப்பு நடு ஸ்டம்பின் நட்டநடுவில் முட்டுவதாகக் காட்டினாலும், கள அம்பயர் நாட் அவுட் சொல்லியிருந்தால் நாட் அவுட். அவர் அவுட் சொல்லியிருந்தால் அவுட். மையம் 2-க்குப் பதில் 4 செ.மீ. வெளியே இருந்திருந்தால் பந்தின் எந்தப் பகுதியும் பட்டைக்குள் இல்லை. அவர் அவுட் கொடுத்திருந்தாலும் தீர்ப்பு மாறிவிடும். நீங்கள் பார்த்த இரண்டு பந்துகளும் இப்படித்தான் பிரிந்திருக்கும்.

இதே பந்துக்கு ஆட்டக்காரர் மட்டையைத் தூக்கிவிட்டுக் காலை மட்டும் காட்டியிருந்தால்? அப்போது ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே பட்டாலும் அவுட் கொடுக்கலாம். ஆட உண்மையாகவே முயன்றாரா என்பதை எந்தக் கேமராவும் சொல்லாது, அதை அம்பயர்தான் சொல்ல வேண்டும். மட்டையைப் பேடுக்குப் பின்னால் ஒளித்துவைத்து ஆடுவதுபோல் பாவனை செய்யும் சுழல்பந்து ஆட்டத்தில் இது பெரிய தலைவலி. அதனால்தான் ரிவ்யூ கேட்கும் முன் இதை அம்பயரிடம் கேட்டுக்கொள்ள 2021 முதல் வீரர்களுக்கு அனுமதி உண்டு.

மூன்றாவது வரி, விக்கெட்ஸ். முதல் இரண்டும் நடந்து முடிந்தவை, இது நடக்காத ஒன்று. மைதானத்தைச் சுற்றியுள்ள கேமராக்கள் ஒவ்வொரு பிரேமிலும் பந்து எங்கே இருந்தது என்று குறிக்கின்றன. குத்திய இடத்துக்கும் பேடுக்கும் நடுவே கிடைக்கும் புள்ளிகளை வைத்து, பேடு இல்லாவிட்டால் பாதை எப்படி நீண்டிருக்கும் என்று மென்பொருள் வரைகிறது. பந்து குத்திய பிறகு நெடுந்தூரம் வந்து பேடில் பட்டிருந்தால் புள்ளிகள் நிறைய, கணிப்பும் உறுதியானது. யார்க்கர் மாதிரி குத்தியவுடனே பட்டால் புள்ளிகள் சொற்பம். ஆட்டக்காரர் நன்றாக முன்னே வந்து, ஸ்டம்பிலிருந்து 2.4 மீட்டர் தள்ளிக் காலில் வாங்கினார் என்று வையுங்கள். திசையில் 1 டிகிரி பிசகினால் ஸ்டம்பை அடையும்போது 4 செ.மீ.க்கு மேல் விலகிவிடும். பாதிப் பந்தைவிட அதிகம். ஓரத்தை மட்டும் உரசும் பந்தைக் காட்டி அம்பயர் தவறு செய்தார் என்று சொல்லத் தயங்குவது இதனால்தான். என்னைக் கேட்டால், அம்பயர்ஸ் கால் அம்பயருக்குக் காட்டும் சலுகை அல்ல. கணிப்பின் எல்லையை ஒப்புக்கொள்வதுதான் அது.

லெக் ஸ்டம்பின் வெளி ஓரத்துக்கு மையம் 2 செ.மீ. வெளியே போனால் பந்து ஸ்டம்பை உரசத்தான் செய்யும், ஆனால் அம்பயர்ஸ் கால். மையம் ஓரத்துக்கு உள்ளே இருந்தால் முழுச் சிவப்பு, நாட் அவுட் சொல்லியிருந்தாலும் அவுட். பழைய ஆட்டங்களின் காணொளியைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்: 2016-க்கு முன் பாதிப் பந்து வெளி ஸ்டம்புகளின் மையக் கோட்டுக்குள் வந்தாக வேண்டும், பிறகுதான் அது வெளி ஓரம் வரை விரிந்தது. உயரத்திலும் எல்லையை ஸ்டம்பின் உச்சிவரை ஏற்றியது 2021-இல். அம்பயர்ஸ் கால் வந்தால் ரிவ்யூ கையை விட்டுப் போகாது என்பது 2017 முதல்.

இந்த மூன்றுக்கும் முன்பே நோ பாலா, மட்டையில் உரசியதா என்று பார்த்துவிடுவார்கள். முதலில் பேடு, பிறகு மட்டை என்றால் எல்பிடபிள்யூ வாய்ப்பு உண்டு. இரண்டிலும் ஒரே நேரத்தில் பட்டால் மட்டையில் முதலில் பட்டதாகவே கணக்கு.

தரையில் குத்தாமலே பேடில் படும் ஃபுல் டாஸ் பலரைக் குழப்பும். அங்கே பிட்சிங் என்ற வரியே கிடையாது. படுவதற்கு முன் வந்த பாதையிலேயே பந்து தொடரும் என்று வைத்துக்கொள்ளச் சொல்கிறது விதி. நடுவில் தரையில் குத்தியிருந்தால் சுழன்று வெளியே போயிருக்குமே என்ற வாதம் எடுபடாது. அதனால் சுழல்பந்து வீச்சாளரின் ஃபுல் டாஸை ஸ்வீப் ஆடித் தவறவிட்டால், எவ்வளவு திரும்பும் ஆடுகளமானாலும் அது நேர்ப்பந்துதான்.