எக்ஸ்போஷர் பற்றிப் புதியவர்களுக்கு ஒரு வீடியோ எடுக்கிறேன். திரையை இரண்டாகப் பிரித்துக் காட்டியும் யாருக்கும் சரியாகப் புரியவில்லை. ஒப்பீட்டுப் படங்களை எப்படி எடுப்பது?

இரண்டு பாதியிலும் வெளிச்சம் ஒரே அளவில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் சிக்கல் அங்கேதான் இருக்கும்.

நான் முதலில் எடுத்த வீடியோவில் இடப்பக்கம் f/2.8, வலப்பக்கம் f/8. வேறு எதையும் தொடவில்லை; ஒன்றை மட்டும் மாற்றினால்தானே வித்தியாசம் தெரியும் என்று நினைத்தேன். இடப்பக்கம் பளிச்சென்று வந்தது, வலப்பக்கம் இருண்டுபோனது. பார்த்த நண்பர், "அப்போ அப்பெர்ச்சர்னா படத்தை இருட்டாக்குறதுதானே?" என்று கேட்டார். பின்னணி மங்குவதைப் பற்றி ஒரு நிமிடம் பேசியிருந்தேன். அது அவர் கண்ணில் படவே இல்லை. ஒரு பாதி வெளிச்சமாகவும் மறுபாதி இருட்டாகவும் இருந்தால் கண் அதைத் தாண்டிப் போவதில்லை.

அதனால் இருட்டு, வெளிச்ச ஒப்பீட்டை ஆரம்பத்தில் ஒரே ஒரு முறை காட்டி முடித்துவிடுங்கள். அதற்குப் பின் வரும் எல்லா ஜோடியிலும் வெளிச்சம் சமமாக இருக்கட்டும். f/2.8, f/4, f/5.6, f/8 என்று போகும்போது ஒவ்வொரு படியிலும் ஒளி பாதியாகிறது. மூன்று படி இறங்கினால் எட்டில் ஒரு பங்குதான் மிச்சம். அதை ஈடுகட்ட ஷட்டரை எட்டு மடங்கு நேரம் திறக்க வேண்டும்: 1/60 இருந்த இடத்தில் 1/8.

எதை வைத்து ஈடுகட்டுவது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. அந்தக் காட்சியில் எதன் தடயம் வெளியே தெரியாதோ, அதை மாற்றுங்கள். மேசைமேல் ஒரு பொம்மை, பின்னால் தள்ளி நிறையப் பொருள்கள், கேமரா ட்ரைபாடில், ஷட்டரை அழுத்த டைமர். எதுவும் அசையாததால் 1/60க்கும் 1/8க்கும் வித்தியாசம் தெரியாது. பின்னணி மங்குவது மட்டும் தனியாகத் தெரியும்.

குழாயில் விழும் தண்ணீரைக் காட்டும்போது இதே வழி சரிப்படாது. ஷட்டரை மாற்றிவிட்டு அப்பெர்ச்சரால் ஈடுகட்டினால் பின்னணியும் சேர்ந்து மாறும். பார்ப்பவர் எதைக் கவனிப்பார்? அங்கே ஐஎஸ்ஓ-வை மாற்றுங்கள். ஒரு பக்கம் 1/500, ISO 1600. மறுபக்கம் 1/30, ISO 100. இரண்டிலும் நான்கு படி, கணக்கு சரியாகிவிடும். வீடியோ அளவுக்குச் சுருங்கிய படத்தில் ISO 1600-இன் புள்ளிகள் அநேகமாகத் தெரியாது. ஒரு பக்கம் துளித்துளியாக உறைந்த தண்ணீர், மறுபக்கம் வழுவழுப்பான இழை.

அதே காரணத்தால் ஐஎஸ்ஓ ஒப்பீடு பலருடைய வீடியோவில் எடுபடுவதில்லை. 6000 பிக்சல் அகலப் படத்தை 1920க்குச் சுருக்கினால் நாய்ஸும் கரைந்துவிடும். சுருக்காமல் ஒவ்வொரு படத்திலிருந்தும் 960 x 1080 அளவுத் துண்டை வெட்டி அப்படியே பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். நிழல் விழுந்த இடமாகப் பார்த்து வெட்டுங்கள், நாய்ஸ் அங்கேதான் முதலில் தெரியும். அசையாத பொருளுக்கு ISO 100, 1/4 ஒரு பக்கம். ISO 6400, 1/250 மறுபக்கம். கேமராவின் நாய்ஸ் ரிடக்‌ஷனை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அதுவே புள்ளிகளைத் துடைத்துவிடும்.

பிரிக்கும் கோட்டிலும் ஒரு பிழை நடக்கும். முதல் படத்தின் இடப்பாதியையும் இரண்டாவதின் வலப்பாதியையும் ஒட்டினால், ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் செடி என்று வந்துவிடும். இரண்டையும் எப்படி ஒப்பிடுவது? இரண்டு படத்திலிருந்தும் ஒரே நடுப்பகுதியை வெட்டிப் பக்கத்தில் வைத்தால் பொம்மையும் அதன் பின்னணியும் இரண்டிலும் இருக்கும்.

எல்லாம் செய்தும் வெளிச்சம் ஒத்துவரவில்லை என்றால் ஆட்டோ ஐஎஸ்ஓ இன்னும் ஓடுகிறதா, நிழல்களைத் தானாக வெளிச்சமாக்கும் வசதி இயங்குகிறதா என்று பாருங்கள். ஒயிட் பேலன்ஸும் ஆட்டோவில் இருக்கக் கூடாது. ஜன்னல் ஒளியில் எடுத்தால் ஒரு மேகம் போதும், எல்லாம் மாறிவிடும். ஜோடியை அடுத்தடுத்து எடுத்துவிடுங்கள். சில எல்இடி விளக்குகளின் கீழ் 1/500-இல் படத்துக்குப் படம் வெளிச்சம் மாறும், பட்டைகளும் விழும். தண்ணீர்க் காட்சிக்குப் பகல் ஒளியே நல்லது. சந்தேகம் வந்தால் இரண்டு படத்தின் ஹிஸ்டோகிராமையும் பாருங்கள், மேடு ஏறக்குறைய ஒரே இடத்தில் இருக்க வேண்டும்.

அப்புறம் குரல். எண்ணைச் சொல்லி ஆரம்பிக்காதீர்கள். ஜோடி திரையில் வந்ததும் இரண்டு விநாடி பேசாமல் விடுங்கள். பிறகு கண் எங்கே போக வேண்டும் என்று சொல்லுங்கள்: "பொம்மைக்குப் பின்னால் இருக்கும் புத்தகங்களைப் பாருங்கள். இடப்பக்கம் தலைப்பைப் படிக்க முடிகிறதா? வலப்பக்கம்?" பார்ப்பவர் வித்தியாசத்தைக் கண்டுபிடித்த பிறகு, "இடப்பக்கம் f/2.8, வலப்பக்கம் f/8" என்று சொல்லி, அப்போதுதான் எண்களைத் திரையில் போடுங்கள். ஷட்டரை மாற்றி ஈடுகட்டியதை அந்த ஜோடியில் சொல்லவே வேண்டாம். மூன்று ஜோடிகளும் முடிந்த பிறகு, "இந்த மூன்றிலும் வெளிச்சம் ஏன் மாறவே இல்லை?" என்று கேட்டு, அந்த ஒரு கேள்விக்குத் தனியாக ஒரு நிமிடம் ஒதுக்குங்கள். நான் மறுபடி எடுத்தபோது இப்படித்தான் செய்தேன். அதே நண்பர் இந்த முறை புத்தகத் தலைப்பைப் பற்றிப் பேசினார்.