வரி முடிவில் நின்ற ஹைபன்

கேள்வி: "குடோனைக் காலி செய்ய மூன்று மாத நோட்டீஸ் தர வேண்டும், ஒப்பந்தத்தில் உள்ள மின்னஞ்சலுக்கு அனுப்பினால் போதும் என்று இருக்கிறது. அனுப்பினேன். வரவே இல்லை என்று சொல்லி, மூன்று மாத வாடகையை அட்வான்ஸில் பிடிக்கப் போகிறார் ஓனர். ஒப்பந்தத்தில் முகவரி இரண்டு வரியாக உடைந்திருக்கிறது. நடுவில் இருந்த கோடு, வரியை உடைக்கப் போட்டது என்று நினைத்து விட்டுவிட்டேன். என் நோட்டீஸ் செல்லுமா?"

நீங்கள் அனுப்பிய நகலில் இருப்பது இப்படி (டொமைனை மட்டும் மாற்றியிருக்கிறேன்):

```
lease-
desk@example.com
```

நீங்கள் leasedesk என்று அடித்தீர்கள். சரியான முகவரி lease-desk. தாளை மட்டும் பார்த்தால் யாருக்கும் வரும் சந்தேகம்தான். ஆனால் மாதாமாதம் வாடகை பில் எந்த முகவரியிலிருந்து வந்தது? ஹைபன் உள்ள முகவரியிலிருந்து என்றால், நீதிமன்றம் அதைத்தான் முதலில் கேட்கும்.

தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 13-இன்படி, வேறு மாதிரி ஒப்புக்கொள்ளாத வரை, குறிப்பிட்ட முகவரியின் கணினி அமைப்புக்குள் மெயில் நுழையும்போதுதான் அது கிடைத்ததாகும். அவருடைய வேறு முகவரிக்குப் போயிருந்தால், அவர் அதை எடுத்துப் பார்த்த நேரமே கணக்கு. எனவே உங்கள் ஸ்பாம் பெட்டியைத் தேடுங்கள். 'முகவரி இல்லை' என்று அன்றே திரும்பி வந்திருந்தால், உங்கள் வாதம் பலவீனம். திரும்பவில்லை என்றால், அதே டொமைனில் தப்பான முகவரிக்கு வரும் மெயிலை எல்லாம் சேர்க்கும் பெட்டி இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள்.

அப்புறம், வேர்டு கோப்பு யாரிடம் இருக்கிறது? அதில் பக்க ஓரத்தைக் குறைத்து வரியை அகலமாக்கிப் பாருங்கள். கோடு வரி நடுவிலும் நின்றால் அது அடித்த ஹைபன். மறைந்தால் மென்பொருள் தானாகப் போட்டது. முகவரியின் நீலச் சுட்டியையும் பாருங்கள். பழைய ஒப்பந்தத்திலிருந்து எடுத்தவற்றில் மேலே ஒரு முகவரி தெரியும், உள்ளே வேறொன்று இருக்கலாம்.

தெளிவில்லாத வாசகத்தை எழுதியவருக்கு எதிராகப் பொருள் கொள்ளலாம் என்ற வாதம் உண்டு. ஓனர் தரப்பு வரைந்திருந்தால் உதவும். ஆனால் அதை மட்டும் நம்பி வழக்கு போடச் சொல்ல மாட்டேன்.

இன்றே சரியான முகவரிக்கும், ஒப்புகையுடன் ஸ்பீடு போஸ்டிலும் மறுபடி நோட்டீஸ் அனுப்புங்கள். "முந்தைய நோட்டீஸ் செல்லும் என்ற என் நிலைப்பாட்டை விட்டுக்கொடுக்காமல்" என்று முதல் வரியில் எழுதுங்கள். தோற்றாலும் இன்றிலிருந்து மூன்று மாதம் ஓடத் தொடங்கிவிடும். சமரசம் பேசினால், இடைப்பட்ட நாட்களுக்கான வாடகையோடு முடிக்கப் பாருங்கள்.

அடுத்த ஒப்பந்தத்தில் முகவரியைத் தனி வரியில் போட்டு, சுட்டியை எடுத்துவிட்டு, கையெழுத்துக்கு முன் அதற்கு ஒரு மெயில் அனுப்பிப் பதில் வாங்குங்கள். வரி உடையாமலிருக்க வேர்டின் பிரிபடாத ஹைபனைப் போடாதீர்கள்; பார்க்க ஒன்றுதான், நகலெடுத்து ஒட்டினால் வேறு எழுத்தாகி மெயில் போகாமல் போகலாம். அண்டர்ஸ்கோர் உள்ள முகவரியோ சுட்டியின் அடிக்கோட்டுக்குள் ஒளிந்துகொள்ளும்.