“ஏன் நேராக உச்ச நீதிமன்றம்?” – மூட் கோர்ட்டில் பெஞ்ச் கேட்கும் முதல் கேள்விகள்

கேள்வி: நான் சட்டக் கல்லூரி நான்காம் ஆண்டு மாணவி. மாதிரி நீதிமன்றப் போட்டிக்கான எங்கள் மூட் பிராப்ளத்தில், மருத்துவ ஆய்வகம் நடத்தும் ஒரு கம்பெனியின் பதிவை மாநில அதிகாரி நோட்டீஸ் கொடுக்காமலே ரத்து செய்கிறார். முப்பது நாளுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்யச் சட்டத்தில் வழி இருந்தும், கம்பெனியும் அதன் பங்குதாரர் ஒருவரும் அரசியலமைப்பின் பிரிவு 32இன் கீழ் உச்ச நீதிமன்றத்துக்கு வந்துவிட்டார்கள். நான் மனுதாரர் தரப்பு. அதிகார வரம்பு, மனு நிலைக்கத்தக்கதா என்ற கேள்விகளுக்கு எப்படித் தயாராவது?

பதில்: முதலில் இரண்டு விஷயங்களைப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். மனு நிலைக்கத்தக்கதா என்பது அதிகாரத்தைப் பற்றிய கேள்வி. நிலைக்கத்தக்க மனுவை நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்குமா என்பது விருப்புரிமையைப் பற்றிய கேள்வி. உயர் நீதிமன்றங்களுக்கு ரிட் அதிகாரம் தரும் பிரிவு 226 தொடர்பான கோத்ரெஜ் சாரா லீ வழக்கில் (2023) உச்ச நீதிமன்றம் இந்த வேறுபாட்டைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. பெஞ்ச் எதைக் கேட்கிறது என்று புரியாமல் பதில் சொல்லத் தொடங்கும் மாணவர்கள், விருப்புரிமைக் கேள்விக்கு அதிகார வரம்பையே விட்டுக்கொடுத்துவிடுகிறார்கள்.

“உயர் நீதிமன்றம் இருக்கும்போது இங்கே ஏன் வந்தீர்கள்?” என்பது அநேகமாக முதல் கேள்வியாக இருக்கும். பிரிவு 32 தானே ஓர் அடிப்படை உரிமை என்பதால் முதலில் உயர் நீதிமன்றம் செல்ல வேண்டிய கட்டாயம் இல்லை என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு, ரொமேஷ் தாப்பர் வழக்கை (1950) காட்டுங்கள். மூட் நடுவர்கள் வழக்கின் பெயரோடு விடமாட்டார்கள், அதன் விவரத்தைக் கேட்பார்கள். பம்பாயில் அச்சான ‘கிராஸ் ரோட்ஸ்’ என்ற இதழ் சென்னை மாகாணத்துக்குள் வர அரசு தடை விதித்தது. மனுதாரர் முதலில் சென்னை உயர் நீதிமன்றத்தைத்தான் நாடியிருக்க வேண்டும் என்ற ஆட்சேபணையை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. அதே சமயம், நடைமுறையில் உச்ச நீதிமன்றம் பல மனுக்களை உயர் நீதிமன்றத்துக்குப் போகச் சொல்லி அனுப்புகிறது என்பதை மறுக்க முயலாதீர்கள். அது விருப்புரிமை என்று ஒப்புக்கொண்டு, உங்கள் மனுவை ஏன் இங்கேயே ஏற்க வேண்டும் என்பதற்கு பிராப்ளத்தில் உள்ள விவரம் ஒன்றைக் காட்டுங்கள்.

உண்மையில் உங்களைச் சிக்க வைக்கக்கூடிய கேள்வி இதற்கு அடுத்துதான் வரும்: “சட்டம் செல்லாது என்று நீங்கள் சொல்லவில்லை, அதிகாரி அந்தச் சட்டத்தின்படி ஓர் உத்தரவு போட்டிருக்கிறார், அது தவறாகவே இருந்தாலும் அடிப்படை உரிமை எங்கே மீறப்பட்டது?” இந்தக் கேள்விக்குப் பின்னால் இருப்பது ஏழு நீதிபதிகள் அமர்ந்த உஜ்ஜம் பாய் வழக்கு. அங்கே விற்பனை வரி அதிகாரி ஒரு விலக்கு அறிவிப்பைத் தவறாகப் பொருள்கொண்டார் என்பதே குறை. செல்லத்தக்க சட்டத்தின் கீழ், தன் அதிகாரத்துக்குள் நின்று செய்த பிழையைப் பிரிவு 32இல் எழுப்ப முடியாது என்று மனு தள்ளுபடியானது. ஆனால் அதே தீர்ப்பு, சட்டமே செல்லாததாக இருந்தாலோ, அதிகாரமின்றி உத்தரவு போடப்பட்டாலோ, நடைமுறையை மீறிச் செயல்பட்டாலோ கதவு திறந்திருக்கும் என்று விதிவிலக்குகளையும் வைத்திருக்கிறது. ஆகவே நீங்கள் “உத்தரவு தவறு” என்று வாதாடினால் தோற்பீர்கள். “நோட்டீஸே தரவில்லை, எனவே இயற்கை நீதி மீறப்பட்டது, அதனால் சமத்துவ உரிமை தரும் பிரிவு 14 மீறப்பட்டது” என்ற வரிசையில் சொன்னால் விதிவிலக்குக்குள் வருவீர்கள். மெமோரியலில் ஆய்வக உபகரணங்களின் தரம் பற்றிய பக்கங்கள் இருக்குமானால், வாய்மொழி வாதத்தில் அவற்றை நீங்களாக எடுக்க வேண்டாம். அவை உங்களைப் பிழை வாதத்துக்குள் இழுத்துவிடும்.

மூன்றாவது, மனுதாரர் யார் என்ற கேள்வி. பிரிவு 19 குடிமக்களுக்கு மட்டும் உரியது. கம்பெனி குடிமகன் அல்ல என்று ஸ்டேட் டிரேடிங் கார்ப்பரேஷன் வழக்கு (1963) முடிவு செய்துவிட்டது. பிரிவு 14 ‘எந்த நபருக்கும்’ உரியது என்பதால் கம்பெனியின் வாதத்தை அதன் மேல் மட்டுமே நிறுத்துங்கள். பிரிவு 19 தரும் தொழில் உரிமை வேண்டுமானால் பங்குதாரர் வழியாக, ஆர்.சி. கூப்பர் வழக்கை (1970) வைத்து வரலாம். “கம்பெனிக்கு இல்லாத உரிமையைப் பின்வாசல் வழியாகக் கேட்கிறீர்களா?” என்று உடனே கேட்பார்கள். அரசின் செயல் கம்பெனியோடு சேர்த்துப் பங்குதாரரின் உரிமையையும் நேரடியாகப் பாதித்தால் நீதிமன்றம் நிவாரணம் மறுக்காது என்பதுதான் கூப்பர். எனவே உங்கள் பங்குதாரர் இந்தியக் குடிமகன்தானா, அவருக்கு என்ன பாதிப்பு என்று பிராப்ளத்தில் எழுதியிருக்கிறதா என்பதை இன்றே பாருங்கள். எழுதியிருக்கவில்லை என்றால் பிரிவு 19ஐ வலியுறுத்தாமல் விடுவதே நல்லது.

மேல்முறையீட்டு வழி இருப்பதற்கும் பதில் நோட்டீஸ் இல்லாமையில்தான் இருக்கிறது: வேர்ல்பூல் வழக்கு (1998), பிரிவு 226இலேயே, இயற்கை நீதி மீறப்பட்டால் மாற்று நிவாரணம் தடையாகாது என்கிறது.

கடைசியாக, பெஞ்ச் பிடிவாதமாக “உயர் நீதிமன்றம் போங்கள்” என்றால், பிரிவு 226இன் கீழ் செல்லும் உரிமையைப் பாதுகாத்து, அரசிடம் மேல்முறையீடு செய்வதற்கான முப்பது நாள் கடந்துவிட்டது என்ற ஆட்சேபணை வராதபடி கால அவகாசமும், அதுவரை ரத்து உத்தரவுக்குத் தடையும் கேட்கும் மாற்றுக் கோரிக்கையைத் தயாராக வைத்திருங்கள். ஆனால் பெஞ்ச் கேட்கும் முன் அதை நீங்களாக எடுத்து வைக்காதீர்கள்.