தொழிலுக்கு வராத பிள்ளைகளுக்கும் பங்கு உண்டா?

கேள்வி: கரூரில் போர்வை, திரைச்சீலை நெய்து விற்கிறோம். மூன்று பிள்ளைகளில் மூத்த மகள் மட்டும்தான் தொழிலுக்கு வருகிறாள். மற்றவர்களுக்கு எப்படிப் பங்கு வைப்பது?

வாரிசுத் திட்டம் என்பது உங்களுக்குப் பிறகு தொழில் யாருடையது, அதை யார் நடத்துவது என்ற இரண்டையும் தனித்தனியாக முடிவு செய்வது. இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதால்தான் சண்டை வருகிறது.

பொதுக் கிணற்றை நினைத்துப் பாருங்கள். தண்ணீரில் எல்லோருக்கும் முறை உண்டு. ஆனால் மோட்டாரைப் பார்த்துக்கொள்பவருக்குத் தனியாகக் கூலி கொடுப்போம்.

வருடம் 30 லட்சம் மிஞ்சுகிறது என்று வைப்போம். சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 10 லட்சம். உழைக்கும் மகளுக்கும் அதேதான். சில வருடங்களில் மனம் கசந்துவிடும். அவள் வேலையை வெளியாள் பார்த்தால் எவ்வளவு கேட்பார்? 12 லட்சம் என்றால், அதை முதலில் அவளுக்குச் சம்பளமாக எடுத்துவிடுங்கள். மீதி 18 லட்சத்தில் ஆளுக்கு 6. ஆக அவளுக்கு 18 லட்சம்.

மற்றவர்கள் பங்கை விற்க நினைத்தால் விலையை எப்படிக் கணக்கிடுவது, மகள் எத்தனை வருடத் தவணையில் கொடுப்பது என்பதையும் இப்போதே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். மொத்தமாகக் கேட்டால் தறியை விற்கத்தான் நேரும். தினசரி முடிவுகள் மகளுடையவை என்பதும் அதில் இருக்கட்டும்.

நாமினியாகப் பெயர் போட்டாலே பங்கு அவருக்குச் சொந்தம் என்று பலர் நம்புகிறார்கள். கம்பெனிப் பங்குகளில் நாமினி உரிமையாளர் ஆகிவிடுவதில்லை, உயிலோ வாரிசுச் சட்டமோதான் முடிவு செய்யும் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.