பழைய தண்ணீர்த் தாங்கியை ஏலத்திலிருந்து காக்க முடியுமா?

கேள்வி: ஐயா, திருகோணமலைப் பாதையில் எங்கள் ஊர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் நீராவி எஞ்சின் காலத்து இரும்புத் தண்ணீர்த் தாங்கி ஒன்று நிற்கிறது. பழைய இரும்பாக ஏலம் விடப் போகிறார்களாம். தொல்பொருள் சட்டத்தால் தடுக்க முடியாதா?

பதில்: அந்தச் சட்டம் தானாக உங்களுக்கு உதவாது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் பழமைக்கு வைத்த எல்லை 1815 மார்ச் 2, அதாவது கண்டி ஒப்பந்த நாள். அதற்கு முந்திய கட்டுமானம் என்றால் சட்டமே காக்கும். ஆனால் இலங்கைக்கு ரயில் வந்ததே 1860களில்தான். பாலம், தாங்கி, வெளிச்சவீடு எல்லாம் அந்த நாளுக்குப் பிந்தியவை. அவற்றை ஒவ்வொன்றாக அமைச்சர் வர்த்தமானியில் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னமாக அறிவிக்க வேண்டும்.

அதற்குத் தொல்பொருளியல் திணைக்களம் வழமையாகப் பார்ப்பது நூறு வயதை. கொட்டியாரக் குடாவின் ஃபவுல் முனை வெளிச்சவீடு 1863இல் கட்டப்பட்டது, அதற்கு இந்தச் சிக்கல் இல்லை. திருகோணமலைக்கு ரயில் வந்தது 1927இல். உங்கள் தாங்கியும் பாதையோடு எழுந்ததென்றால் 2027இல்தான் நூறு நிறையும். இரும்பு வெட்டுபவர் அதுவரை காத்திருக்க மாட்டார்.

எனவே முதல் வேலை வயதை நிறுவுவது. தாங்கியின் தகடுகளையும் கால்களையும் கிட்டப் போய்ப் பாருங்கள். வார்ப்பிரும்பில் செய்தவர் பெயரோ ஆண்டோ புடைப்பெழுத்தாக இருக்கலாம். துருவைச் சுரண்டாமல், பக்கவாட்டு வெளிச்சத்தில் படமெடுங்கள். கொழும்புத் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் அக்காலப் புகையிரத நிர்வாக அறிக்கைகளைத் தேடலாம்.

அதோடு, ஏலத்தை ஒத்திவைக்கும்படி புகையிரதப் பொது முகாமையாளருக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். தாங்கியை வர்த்தமானியில் அறிவிக்கும் கோரிக்கையோடு பிரதிகளைத் தொல்பொருளியல் பணிப்பாளர் நாயகத்துக்கும் மாவட்டச் செயலாளருக்கும் அனுப்புங்கள். 2016ஆம் ஆண்டின் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின் கீழ் இரண்டைக் கேளுங்கள்: சொத்துப் பதிவேட்டில் தாங்கி கட்டிய ஆண்டு, அகற்ற எடுத்த முடிவின் பிரதி. 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

பதிலே வராமல் ஏலத் திகதி நெருங்கினால், மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் எழுத்தாணை மனுவும் இடைக்காலத் தடையும் கேட்கலாம். அமைச்சர் அறிவித்தே தீர வேண்டும் என்று நீதிமன்றம் கட்டளையிடுவது அரிது, அது அவருடைய தற்றுணிபு. கோரிக்கையைப் பரிசீலிக்காமல் விட்டதைத்தான் கேள்வி கேட்க முடியும். அதனால் கடிதப் பிரதிகளைப் பத்திரமாக வையுங்கள், வழக்கே அவற்றில்தான் நிற்கும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வர்த்தமானியில் வந்தால் பழுதுபார்க்கவும் அனுமதி தேவை, சுற்றியுள்ள காணிகளிலும் கட்டுப்பாடு வரலாம். கிழக்கில் நம் சனம் இதற்கு அஞ்சுவது நியாயம். பக்கத்துக் காணிக்காரரிடம் முதலில் பேசுங்கள். கோரிக்கையில் தாங்கியையும் அது நிற்கும் புகையிரத நிலத்தையும் மட்டும் அளவு வரைபடத்தோடு குறிப்பிடுங்கள்.