கொப்பியில் இல்லாத கணக்கு: வாடகை வீடுகளைப் பொறுப்பேற்பவருக்கு

கேள்வி: திருகோணமலையில், உவர்மலையில் இரண்டு, உப்புவெளியில் மூன்று என என் மாமாவுக்கு ஐந்து வாடகை வீடுகள் இருக்கின்றன. அவர் மகளிடம் கனடாவுக்குப் போகிறார். ஒக்டோபர் முதலாம் திகதியிலிருந்து நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு சீ.ஆர். கொப்பியையும் ஒரு பை நிறையச் சாவிகளையும் தந்திருக்கிறார். கோப்பில் என்னென்ன இருந்தால் பின்னால் சிக்கல் வராது?

பதில்: அந்தக் கொப்பியில் எந்த மாதம் யார் எவ்வளவு தந்தார்கள் என்பது இருக்கும். முற்பணத்தின் இன்றைய நிலை இருக்காது. நான் பொறுப்பேற்ற கொப்பிகளில் ஒன்றில்கூட அது ஒழுங்காக இருந்ததில்லை. முதல் பக்கத்தின் ஓரத்தில் 'முற். 360,000' என்று பென்சிலால் எழுதியிருப்பார்கள், அவ்வளவுதான். உங்கள் கோப்பு அந்த ஓரக்குறிப்பிலிருந்து தொடங்க வேண்டும்.

முற்பணம் என்று நாம் ஒரே சொல்லால் சொல்வது உண்மையில் இரண்டு வேறு பணங்கள். ஒன்று, வீட்டை விட்டுப் போகும்போது அப்படியே திருப்பிக் கொடுக்க வேண்டிய பணம். மற்றது, மாதாமாதம் வாடகையில் கழிந்துகொண்டே வந்து ஒரு நாள் தீர்ந்துபோகும் பணம். எது எது என்பது வீட்டுக்காரரின் நினைவிலும் குடியிருப்பவரின் நினைவிலும்தான் இருக்கிறது. அந்த இரண்டு நினைவுகளும் ஒத்துப்போவது அபூர்வம்.

உதாரணத்துக்கு, உப்புவெளியில் உள்ள மூன்று வீடுகளில் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வாடகை 30,000 ரூபாய். குடும்பம் 2024 பெப்ரவரியில் 360,000 ரூபாய் முற்பணம் கொடுத்து வந்தது. மாதம் 15,000 முற்பணத்தில் கழியும், மீதி 15,000 கையில் தருவார்கள் என்பது வாய்ப்பேச்சு. நீங்கள் 2025 ஒக்டோபர் முதலாம் திகதி கொப்பியைத் திறக்கிறீர்கள். 30,000 வர வேண்டிய இடத்தில் மாதாமாதம் 15,000தான் வந்திருக்கிறது. பாதி வாடகை பாக்கி என்று நினைத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டினால் முதல் நாளே பகை. கணக்கைப் போட்டுப் பாருங்கள். 2024 பெப்ரவரியிலிருந்து 2025 செப்டெம்பர் வரை 20 மாதம். கழிந்தது 300,000. மீதி 60,000. இடையில் தண்ணீர்ப் பம்பி எரிந்துபோய் அவர்களே 18,500 ரூபாய்க்குப் பழுதுபார்த்தார்கள், 'பிறகு கழித்துக்கொள்ளலாம்' என்று மாமா தொலைபேசியில் சொல்லியிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் அந்தக் குடும்பத்துக்கு வீட்டுக்காரர் தர வேண்டியது 78,500. கொப்பியில் தெரிவதோ 360,000 என்ற ஓரக்குறிப்பு மட்டும்.

ஆகவே ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரே ஒரு தாள் எழுதுங்கள். எப்போது வந்தார்கள், வாடகை எவ்வளவு, முற்பணம் எந்த வகை, இன்றைய மீதி எவ்வளவு, வாய்வாக்குகள் என்னென்ன, பாக்கி ஏதும் உண்டா. அடியில் மூன்று கையெழுத்து வேண்டும்: மாமா, குடியிருப்பவர், நீங்கள். மூன்றில் குடியிருப்பவரின் கையெழுத்துக்குத்தான் அதிகப் பெறுமதி. அது இல்லாவிட்டால் அந்தத் தாள் மாமாவின் கதை மட்டுமே. கையெழுத்துக் கேட்கும்போது சில வீடுகளில் குரல் உயரும். அது நல்லது. மாமா பக்கத்தில் நிற்கும்போதே உயரட்டும்.

ஐந்து தாள்களின் மீதியையும் கூட்டினால் ஒரு தொகை வரும். அந்தத் தொகையை மாமா உங்களிடம் தந்துவிட்டுப் போகிறாரா, தன்னிடமே வைத்துக்கொள்கிறாரா? தன்னிடமே என்றால், 'கேட்ட நாளில் இத்தனை நாட்களுக்குள் அனுப்புவேன்' என்று எழுதித் தர வேண்டும். இதைக் கேட்க உறவுக்குள் கூச்சமாக இருக்கும். கேட்காமல் விட்டவன் நான். குடியிருந்தவர் வீட்டை விட்டபோது, வீட்டுக்காரர் வெளிநாட்டில் தொலைபேசியை எடுக்கவில்லை. அடுத்த வீட்டு வாடகையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். ஓட்டை அடைபட ஒன்றரை வருடம் ஆனது.

இப்போது தரகர்கள். அந்தக் கொப்பியில் ஒரு தரகரின் இலக்கம் கட்டாயம் இருக்கும். சிலர் ஒரு மாத வாடகையை வாங்கிக்கொண்டு ஒதுங்கிவிடுவார்கள், அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. வேறு சிலர் முற்பணத்தில் ஒரு பகுதியைத் 'தற்காலிகமாக' வைத்துக்கொள்வார்கள். வீட்டுக்காரருக்கு 300,000 போயிருக்கும், குடியிருப்பவர் 360,000 கொடுத்திருப்பார். தாளில் இருவரும் கையெழுத்திடும்போதுதான் அது வெளியே வரும். இன்னொரு வகை உண்டு. வீட்டுக்காரர் ஊரை விட்டுப் போகிறார் என்று மோப்பம் பிடித்து, 'இனி நான்தான் பொறுப்பு, வாடகையை என்னிடம் தாருங்கள்' என்று வாசலில் வந்து நிற்பார்கள். நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் சுற்றுலாக் காலத்தில் இது கூடுதல். இதற்கு மருந்து ஒரு கடிதம். இன்ன திகதியிலிருந்து வாடகையை இன்னாரிடம், இந்த வங்கிக் கணக்கில் மட்டுமே செலுத்துங்கள் என்று மாமா கையெழுத்திட்டு ஒவ்வொரு வீட்டுக்கும் கொடுக்க வேண்டும். பிரதியில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கிக் கோப்பில் வையுங்கள். அந்தக் கடிதம் வரும்வரை உங்களிடம் பணம் தர மறுக்கிறவர் சரியாகத்தான் நடக்கிறார்.

அடுத்தது ஒப்பந்தம். மாமா தரும் கட்டில், புத்தகக் கடையில் வாங்கிய அச்சுப் படிவத்தில் முத்திரை ஒட்டி இருவரும் அதன்மேல் கையெழுத்திட்ட தாள்கள் இருக்கும். 'ஒரு வருடத்துக்கு' என்று எழுதியிருக்கும். இலங்கையில் 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை, நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளுடன் எழுதப்பட்டால்தான் செல்லும். முத்திரை ஒட்டியதால் நொத்தாரிசு உறுதி ஆகிவிடாது. எத்தனை பேருக்கு எத்தனை தடவை சொன்னாலும் இந்த முத்திரை நம்பிக்கை போவதில்லை. அப்படிப்பட்ட தாளைக் காட்டி 'வருடம் முடிந்துவிட்டது, எழும்புங்கள்' என்று சொல்ல உங்களால் முடியாது. சட்டத்தின் பார்வையில் அது மாதத்துக்கு மாதம் ஓடும் வாடகை. அதற்காகத் தாளைக் கிழித்துப் போடவும் வேண்டாம். வாடகை எவ்வளவு, முற்பணம் எவ்வளவு என்பதற்கு அது சான்றாக உதவும். எந்த வீட்டுக்கு நொத்தாரிசு உறுதி உண்டு, எதற்கு இல்லை என்பதைத் தாளின் மேல்மூலையில் சிவப்பு மையால் குறித்துவிடுங்கள். யாரையும் எழுப்ப வேண்டி வந்தால் சட்டத்தரணியிடம் போங்கள். 1972ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் தொடும் வீடா இல்லையா என்பது நீங்களும் நானும் திண்ணையில் இருந்து தீர்க்கும் விடயம் அல்ல. வழக்கு முடியும்போது அந்த வீட்டுச் சுவரில் அரசமரம் முளைத்திருக்கும், அது வேறு கதை.

மாமாவின் பெயரில்தான் வீடு இருக்கிறதா? சிரிக்காதீர்கள். 'என் வீடு' என்று சொல்பவர் எல்லோரும் உறுதியில் இருப்பதில்லை. சீதனமாக வந்த வீடு மாமியின் பெயரில் இருக்கலாம். அப்படியானால் மேலே சொன்ன எல்லாத் தாளிலும் மாமியின் கையெழுத்துத்தான் வேண்டும். மாமாவின் கையெழுத்துக்கு மதிப்பில்லை. அல்லது கனடாவில் இருக்கும் மகளுக்கு ஏற்கெனவே நன்கொடை உறுதி எழுதி, சீவிய உரித்தை மட்டும் தங்களுக்கு வைத்திருக்கலாம். அப்படி இருந்தால் அந்த உரித்து உள்ளவரை வாடகை பெற்றோருக்கே உரியது. உங்களை நியமிக்க வேண்டியவர்களும் அவர்களே. ஆனால் அவர்கள் காலத்துக்குப் பின் அந்த உரிமை முடிந்துவிடும். அன்றிலிருந்து நீங்கள் கேட்க வேண்டியது மகளை. சீவிய உரித்து கணவன், மனைவி இருவருக்குமா ஒருவருக்கு மட்டுமா என்பதையும் உறுதியில் வாசியுங்கள். ஒருவருக்கு மட்டும் என்றால் மற்றவர் உயிரோடு இருந்தாலும் பயனில்லை. உறுதியின் பிரதியை வாங்கிக் காணிப் பதிவகத்தில் ஒரு தடவை தேடிப் பாருங்கள். ஒரே பிரதியை இரண்டு யன்னல்களில் கேட்பார்கள். மூன்று எடுத்துக்கொண்டு போங்கள்.

வாடகை வாங்கப் பற்றுச்சீட்டும் மாமாவின் கடிதமும் போதும். அவருக்காக நொத்தாரிசிடம் குத்தகை எழுதவோ நீதிமன்றம் போகவோ அற்றோணித் தத்துவம் வேண்டும். அதை அவர் புறப்படுமுன் இங்கேயே எழுதிப் பதிவு செய்துவிடுங்கள். போன பிறகு என்றால் அங்குள்ள நம் தூதரகத்தில் கையெழுத்திட்டு, தபாலில் வந்து, பிறகு இங்கே பதிவு செய்ய வேண்டியிருக்கும்.

மின்சாரம். பொறுப்பேற்கும் நாளில் ஐந்து மின்மானிகளையும் ஐந்து நீர்மானிகளையும் படம் எடுங்கள். உப்புக்காற்றில் மின்மானிப் பெட்டியின் கண்ணாடி பூத்துப்போய் இலக்கம் தெரியாது. ஈரத் துணியால் துடைத்துவிட்டு எடுங்கள். உப்புவெளியின் மூன்று வீடுகளில் இரண்டுக்கு ஒரே இணைப்பும் உள்ளே ஒரு துணைமானியும் இருந்தால் கவனம். இப்போதைய வீட்டுக் கட்டண முறையில் மாதம் 60 அலகைத் தாண்டினால் 60க்கு மேற்பட்ட அலகுகள் மட்டும் அல்ல, முதல் அலகிலிருந்தே வேறு கட்டணம். இரண்டு குடும்பமும் தலா 55 அலகு பாவித்தால், தனித்தனி இணைப்பில் இருவரும் குறைந்த கட்டணத்துக்குள் இருப்பார்கள். ஒரே இணைப்பில் அது 110 அலகு. இருவரும் சிக்கனமாக இருந்தும் பட்டியல் கூடிய கட்டணத்தில் வரும். மாமா 'அலகுக்கு இவ்வளவு' என்று பழைய விலையில் வாங்கிக்கொண்டிருந்தால், வித்தியாசத்தை மாதாமாதம் அவரே சுமந்திருக்கிறார். இனி அது உங்கள் கையில் விழும். மொத்தப் பட்டியலை 110ஆல் வகுத்து, அவரவர் அலகால் பெருக்கி வாங்குங்கள். அந்தக் கணக்கைத் தாளில் எழுதி இருவரிடமும் காட்டிவிடுங்கள்.

சோலை வரிப் பற்றுச்சீட்டுகளை வாங்கி வையுங்கள், பாக்கி இருந்தால் மாமா கட்டிவிட்டுப் போகட்டும். அதைப் பற்றி வேறு சொல்ல ஒன்றும் இல்லை.

சாவிப் பையை வீட்டில் இருந்து எண்ணாதீர்கள். மாமாவோடு ஐந்து வீட்டுக்கும் நடந்து, ஒவ்வொன்றையும் பூட்டில் போட்டுத் திருப்பிப் பார்த்து, திறந்ததற்கு மட்டும் இலக்கம் கட்டுங்கள். கடற்கரைப் பக்க வீட்டு வாயிற்கதவுப் பூட்டு துருவேறியிருக்கும், எண்ணெய் கொண்டு போங்கள். கடைசியில் எந்தப் பூட்டுக்கும் சேராத ஏழெட்டுச் சாவிகள் மிஞ்சும். அவற்றை எறியாமல் ஒரு உறையில் போட்டுக் கோப்பின் கடைசியில் வையுங்கள். மாரிமழையில் தண்ணீர்த்தாங்கி மூடியின் பூட்டைத் தேடிப் போகும் இரவில் அவற்றில் ஒன்று தேவைப்படும்.